18 மில்லிவோல்ட்டைத் தாண்டினா என்ன ஆகும்? டிஃபரன்ஷியல் பேரும் ரெண்டு சின்ன ரெசிஸ்டரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

புதுச்சேரியிலிருந்து பேசுறேன். காலாப்பட்டு பக்கம் இசிஇ படிக்கிற ஒரு நேயர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணா, லேப்ல டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் போட்டோம், சிஎம்ஆர்ஆர் கணக்குப் போட்டோம், ரெக்கார்டுல எழுதிட்டோம். ஆனா ஆடியோ ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் எதை எடுத்தாலும் அந்த ரெண்டு எமிட்டர்லயும் ஆளுக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் இருக்கு. கெயினைக் குறைக்கிற ரெசிஸ்டரை எதுக்கு வேணும்னே போடுறாங்க?" இதுதான் கேள்வி. நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. ஆனா படிச்சது இன்ஜினியரிங், இந்தக் கேள்வி எனக்கும் ரொம்பப் பிடிச்ச கேள்வி. அதனால இன்னைக்கு முழுக்க அந்த ரெண்டு ரெசிஸ்டரைப் பத்தி மட்டும்தான்.

முதல்ல சர்க்யூட் எப்படி இருக்குன்னு மனசுல வரைஞ்சுக்கோங்க. ஒரே மாதிரி ரெண்டு என்பிஎன் ட்ரான்சிஸ்டர். ரெண்டோட எமிட்டரையும் ஒண்ணா சேர்த்துக் கட்டி, அந்த இடத்திலிருந்து ஒரு நிலையான கரண்ட்டை கீழே இழுக்கிறோம். இதுக்குப் பேர் டெயில் கரண்ட். 1936-லயே ஆலன் ப்ளம்லைன்ங்கிற பிரிட்டிஷ் இன்ஜினியர் வால்வு வச்சு இந்த அமைப்புக்கு பேட்டன்ட் கேட்டார். "லாங் டெயில்ட் பேர்"னு அதுக்குப் பேர். நாம இன்னைக்கு டெயில் கரண்ட்டை 2 மில்லிஆம்பியர்னு வச்சுக்குவோம். ரெண்டு பேஸ்லயும் ஒரே வோல்டேஜ் இருந்தா, ஆளுக்கு 1 மில்லிஆம்பியர். ஒரு பேஸ் கொஞ்சம் உயர்ந்தா அந்தப் பக்கம் கூடுதலா போகும், மறுபக்கம் அதே அளவு குறையும். மொத்தம் எப்பவும் 2 தான். சொத்து ஒண்ணு, பங்காளி ரெண்டு பேர். யாருக்கு எவ்வளவுங்கிறது மட்டும்தான் மாறும்.

அந்தப் பங்கு எப்படிப் பிரியுதுங்கிறதுல தான் விஷயமே இருக்கு. ட்ரான்சிஸ்டரோட கரண்ட், பேஸ்-எமிட்டர் வோல்டேஜுக்கு எக்ஸ்போனென்ஷியலா ஏறும். அதனால ரெண்டு கரண்ட்டோட விகிதம் ரெண்டு பேஸுக்கும் இடையில உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பொறுத்து எக்ஸ்போனென்ஷியலா மாறும். அறை வெப்பநிலையில தெர்மல் வோல்டேஜ் சுமார் 26 மில்லிவோல்ட். அதைக் கொண்டு கணக்குப் போட்டா, ஒவ்வொரு 18 மில்லிவோல்ட்டுக்கும் விகிதம் ரெண்டு மடங்காகும். இந்த 18-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப கையால ஒரு கணக்கு. வித்தியாசம் சுழியம்: 1-க்கு 1. 18 மில்லிவோல்ட்: 2-க்கு 1, அதாவது ஒரு பக்கம் 1.33, மறுபக்கம் 0.67 மில்லிஆம்பியர். கழிச்சா 0.67. 36 மில்லிவோல்ட்: 4-க்கு 1. அதாவது 1.6, 0.4. கழிச்சா 1.2. 54 மில்லிவோல்ட்: 8-க்கு 1. கழிச்சா 1.56. கவனிங்க, இன்புட்டை ஒரே அளவு படியாத்தான் ஏத்துறோம். ஆனா அவுட்புட் முதல் படியில 0.67 ஏறுது, ரெண்டாவது படியில 0.53, மூணாவது படியில 0.36 தான். எவ்வளவு ஏத்தினாலும் 2-ஐத் தாண்டாது. நடுவுல நேர்கோடு, ரெண்டு ஓரத்துலயும் வளைஞ்சு படுத்துக்கிற எஸ் வடிவம். இந்த வளைவுக்குக் கணக்குல பேர் ஹைப்பர்பாலிக் டேன்ஜென்ட். தோராயமா அந்த மாதிரின்னு இல்லை. ஒரே மாதிரியான ரெண்டு எக்ஸ்போனென்ஷியல் ஒரு நிலையான கரண்ட்டைப் பங்கு போட்டா வர்ற விடை சரியா இதேதான்:

```
I1 - I2 = IT * tanh( Vd / (2*VT) )
```

இப்ப இதுக்குள்ள ஒரு சைன் அலையை விடுவோம். உச்சம் 18 மில்லிவோல்ட். வளைவோட நடுப்பகுதி சாய்வுலயே நேரா போயிருந்தா உச்சத்துல 0.69 மில்லிஆம்பியர் வந்திருக்கணும். வந்தது 0.67. அலையோட தலையில கிட்டத்தட்ட 4 சதவீதம் அமுங்கியிருக்கு. அடியிலயும் அதே அளவு அமுங்கும். மேலயும் கீழயும் சமமா அமுங்கினா ஒற்றைப்படை ஹார்மோனிக் மட்டும்தான் வரும். மூணாவது, அஞ்சாவது, ஏழாவது. ரெண்டாவது, நாலாவது வராது.

மூணாவது எவ்வளவு? டேன்ஹெச்சை விரிச்சா முதல் உறுப்பு x, அடுத்தது x-ஓட கனத்துல மூணுல ஒரு பங்கு, மைனஸ் குறியோட. சைனோட கனத்தைப் பிரிச்சா அதுல கால் பங்கு மூணு மடங்கு அதிர்வெண்ணுக்குப் போகும். மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, பெருக்கினா பன்னிரண்டுல ஒண்ணு:

```
HD3 = (1/12) * ( A / (2*VT) )^2
```

A-ங்கிறது இன்புட்டோட உச்சம். 18 மில்லிவோல்ட்டைப் போட்டா சரியா 1 சதவீதம். 4 சதவீதம் அமுங்கினதுல கால் பங்கு 1 சதவீதம்னு மனக்கணக்காவும் பார்த்துக்கலாம். இந்த அளவுல அஞ்சாவது ஹார்மோனிக் ரொம்பச் சின்னது, அதனால மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன், அதாவது டி.ஹெச்.டி, நடைமுறையில மூணாவது ஹார்மோனிக் தான். இன்புட்டைப் பாதியாக்கினா டிஸ்டார்ஷன் கால்வாசி ஆகும். 9 மில்லிவோல்ட்டுக்கு 0.25 சதவீதம்.

1 சதவீதம் காதுக்கு எப்படி இருக்கும்? சா-வை மட்டும் தனியா வாசிச்சா பெரிசா உறுத்தாது. ஏன்னா மூணாவது ஹார்மோனிக்ங்கிறது மேல் ஸ்தாயி பஞ்சமம். தம்புரா தந்தியிலயே இருக்கிற ஸ்வரம் அது. சிக்கல், ரெண்டு ஸ்வரம் ஒண்ணா வரும்போது. சா 240 ஹெர்ட்ஸ், சுத்த ரிஷபம் 256 ஹெர்ட்ஸ்னு வைங்க. இந்த வளைவு 224, 272-ன்னு ரெண்டு புது அதிர்வெண்ணை உருவாக்கும். அது அங்க வாசிச்ச ஸ்வரமே இல்லை. அதோட அளவும் தனி ஸ்வரத்தோட மூணாவது ஹார்மோனிக்கை விட மூணு மடங்கு. ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக் அன்னைக்கு நம்ம ஊர் தெருவுல ஏதோ ஒரு ஸ்பீக்கர்ல பாட்டும் கிட்டாரும் சேர்ந்து வரும்போது மட்டும் கலங்கிப் போறதைக் கேட்டிருப்பீங்க. காரணம் இந்த இடமாத்தான் இருக்கணும்னு இல்லை, ஆனா கேட்கிறது இந்த வகை விளைவுதான்.

சரி, ரெசிஸ்டருக்கு வருவோம். ரெண்டு எமிட்டரையும் நேரா சேர்க்காம, ஆளுக்கு 100 ஓம் வழியா சேர்க்கிறோம். இப்ப நாம கொடுக்கிற வோல்டேஜ் ரெண்டு இடத்துல செலவாகுது: ஒண்ணு ட்ரான்சிஸ்டரோட ஜங்ஷன், இன்னொண்ணு ரெசிஸ்டர். ஜங்ஷன் வளைஞ்ச ஆள், ரெசிஸ்டர் நேரான ஆள். 1 மில்லிஆம்பியர் ஓடுற ட்ரான்சிஸ்டரோட உள் எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் 26 ஓம். வெளியில நாம போட்டது 100 ஓம். ஆக மொத்தம் 126 ஓம்ல ஜங்ஷனுக்குப் போறது 26 ஓம் பங்கு மட்டும்தான். 126-ஐ 26-ஆல வகுத்தா 4.85. இந்த எண்ணுக்கு F-ன்னு பேர் வைப்போம். கெயினும் இதே 4.85 மடங்கு குறையும்.

டிஸ்டார்ஷன் எவ்வளவு குறையும்? 4.85 மடங்குன்னு சொல்லத் தோணும். அதே 18 மில்லிவோல்ட் இன்புட்டுக்கு 114 மடங்கு குறையும். F-ஓட கனம். ஏன்னு ரெண்டு படியா பார்க்கலாம். முதல் படி: ஜங்ஷன் பார்க்கிற வோல்டேஜ் 4.85 மடங்கு சின்னதாயிடுச்சு. டிஸ்டார்ஷன் வோல்டேஜோட வர்க்கத்துல போகும்னு பார்த்தோம். அதனால 23.5 மடங்கு குறையுது. ரெண்டாவது படி: ஜங்ஷன் அப்பவும் உண்டாக்குற அந்தக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கரண்ட்டும் அந்த 100 ஓம் வழியாத்தான் ஓடியாகணும். அங்க அது எதிர் வோல்டேஜா திரும்பி வந்து தன்னையே அமுக்கும். இது லோக்கல் ஃபீட்பேக், இன்னொரு 4.85 மடங்கு. 23.5-ஐ 4.85-ஆல பெருக்கினா 114. 1 சதவீதம் 0.009 சதவீதமாகுது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க ஒரு நேர்மையான கேள்வி கேட்கணும். கெயின் குறைஞ்சு போச்சு, அதனால அவுட்புட்டும் 4.85 மடங்கு சின்னதாயிடுச்சு. சின்ன அவுட்புட்ல டிஸ்டார்ஷன் குறைவா இருக்கிறதுல என்ன அதிசயம்? பழைய அவுட்புட்டே வேணும்னா இன்புட்டை 18-லிருந்து 87 மில்லிவோல்ட்டா ஏத்தணும். ஏத்தினதும் முதல் படியில கிடைச்ச லாபம் அப்படியே திரும்பப் போயிடும், ஏன்னா ஜங்ஷன் மறுபடி கிட்டத்தட்ட 18 மில்லிவோல்ட் பார்க்குது. மிஞ்சுறது ரெண்டாவது படியோட 4.85 மட்டும். அதாவது 1 சதவீதம் 0.2 சதவீதத்தை ஒட்டி வரும். ஒரே அவுட்புட்டுக்கு ஒப்பிட்டா F மடங்கு, ஒரே இன்புட்டுக்கு ஒப்பிட்டா F-ஓட கனம். ரெண்டுமே உண்மை. "எமிட்டர் ரெசிஸ்டர் போட்டா டிஸ்டார்ஷன் இத்தனை மடங்கு குறையும்"னு யாராவது சொன்னா, எதை மாத்தாம வச்சு ஒப்பிடுறாங்கன்னு முதல்ல கேளுங்க.

நம்ம ஆட்களுக்கு ஓட்டிப் பார்க்காம நம்பிக்கை வராது. அதனால இந்தக் கோடு. நாம சமன்பாட்டைத் தீர்க்கவே இல்லை, வளைவைப் புள்ளி புள்ளியா எடுத்து அதுல சைன் அலையை ஓட்டுறோம், அவ்வளவுதான்.

```python
import numpy as np
VT, IT = 0.026, 0.002
u = np.linspace(-8, 8, 400001)
t = np.arange(4096) * 2*np.pi / 4096

def thd(A, RE):
    x = 2*VT*u + IT*RE*np.tanh(u)
    y = np.interp(A*np.sin(t), x, np.tanh(u))
    h = np.abs(np.fft.rfft(y))
    return 100*np.sqrt((h[2:20]**2).sum())/h[1]

for A, RE in [(0.018,0), (0.018,100), (0.087,100), (0.087,0)]:
    print(A, RE, thd(A, RE))
```

முதல் விடை 1-க்குக் கொஞ்சம் கீழே, 0.97 வாக்குல வரும். நாம டேன்ஹெச்சோட பெரிய அடுக்குகளை விட்டுட்டோம் இல்லையா, அந்த வித்தியாசம் அது. ரெண்டாவது 0.009. மூணாவது சுமார் 0.22. நாலாவதைப் பாருங்க: ரெசிஸ்டரே இல்லாம 87 மில்லிவோல்ட் கொடுத்தா 14 சதவீதம். ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரோட முதல் ஸ்டேஜுக்கு அதிக அதிர்வெண்ல இந்த மாதிரி பெரிய வித்தியாச வோல்டேஜ் வரலாம், ஏன்னா அங்க வெளி ஃபீட்பேக் வலு குறைஞ்சிருக்கும். நேயர் பார்த்த அந்த 100 ஓம் அங்க நிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

இதை மேசையிலயும் பார்க்கலாம். ரெண்டு BC547, பிளஸ் மைனஸ் 9 வோல்ட்டுக்கு ரெண்டு பேட்டரி. டெயிலுக்கு 3.9 கிலோஓமும் 270 ஓமும் சீரியஸா போட்டா ஏறக்குறைய 2 மில்லிஆம்பியர் வரும். கலெக்டருக்கு ஆளுக்கு 2.2 கிலோஓம். போன்ல 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஹெட்போன் அவுட்புட்டை 0.5 வோல்ட் உச்சத்துக்கு வச்சுக்கோங்க. 2.7 கிலோஓமும் 100 ஓமும் போட்டுப் பிரிச்சா பேஸுக்கு 18 மில்லிவோல்ட் கிடைக்கும். 2.7 கிலோவுக்குப் பதிலா 470 ஓம் போட்டா 88 மில்லிவோல்ட். இன்னொரு பேஸை 100 ஓம் வழியா கிரவுண்டுக்குக் கொடுத்துடுங்க. ஒரு கலெக்டர்லிருந்து கப்பாசிட்டர் வழியா லைன் இன்புட் உள்ள ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, அதை லேப்டாப்புல ஸ்பெக்ட்ரமா பார்க்கிறோம். 3 கிலோஹெர்ட்ஸ்ல அடிப்படையை விட 40 டெசிபல் கீழே ஒரு குச்சி நிக்கும். அதுதான் 1 சதவீதம். 100 ஓம் ரெண்டும் போட்டு 88 மில்லிவோல்ட் கொடுத்தா அந்தக் குச்சி 53 டெசிபல் கீழே போகும். ஆனா 18 மில்லிவோல்ட்ல வர வேண்டிய 0.009 சதவீதத்தை, சவுண்ட் கார்டும் போனும் தாங்களே போடுற டிஸ்டார்ஷன் மறைச்சுடலாம். அதனால முதல்ல போனை நேரா சவுண்ட் கார்டுல மாட்டி, எந்த அளவு வரைக்கும் நம்பலாம்னு பார்த்துட்டு சர்க்யூட்டைத் தொடுங்க.

அளக்கும்போது இன்னொரு குச்சியும் கண்டிப்பா வரும்: 2 கிலோஹெர்ட்ஸ்ல. ஒற்றைப்படை மட்டும்தான் வரும்னு சொன்னேனே? அது ரெண்டு ட்ரான்சிஸ்டரும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே பட்டையிலிருந்து வாங்கின ரெண்டு BC547-க்குக்கூட பேஸ்-எமிட்டர் வோல்டேஜ்ல ஒண்ணு ரெண்டு மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கலாம். 2 மில்லிவோல்ட் இருந்தா நாம எஸ் வளைவோட நடுவுல இல்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கோம். மேலயும் கீழயும் அமுங்குறது சமமா இருக்காது. 18 மில்லிவோல்ட் இன்புட்டுக்கு ரெண்டாவது ஹார்மோனிக் கிட்டத்தட்ட 0.67 சதவீதம் வந்துடும். மூணாவதுக்கு சமமான போட்டி.

இதைக் கண்ணால பார்க்க ஒரு வேடிக்கையான வழி இருக்கு. ஒரு ட்ரான்சிஸ்டரை மட்டும் விரலால பிடிங்க. ஒரு டிகிரி சூடானா அதோட பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். ஸ்பெக்ட்ரம்ல 2 கிலோஹெர்ட்ஸ் குச்சி மெதுவா நகரும், 3 கிலோஹெர்ட்ஸ் குச்சி கிட்டத்தட்ட அசையாது. ஒரு ட்ரான்சிஸ்டரைப் பிடிச்சா குச்சி உயருது, இன்னொண்ணைப் பிடிச்சா குறையுதுன்னா, உங்க ஜோடி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சுடும். ரெண்டையும் தட்டைப் பக்கம் ஒட்டி ஒண்ணா கட்டிட்டா வெப்பமாவது சமமாகும். எமிட்டர் ரெசிஸ்டர் போட்டா இந்த நோயும் குறையும். அதே அவுட்புட்டுக்கு 0.67 சதவீதம் 0.03-ஐ ஒட்டி வரும், ஏன்னா இங்க F-ஓட வர்க்கம் நமக்குச் சாதகமா வேலை செய்யுது. பொருத்தம் பார்க்காத ட்ரான்சிஸ்டர் ஜோடியில, மூணாவதை விட ரெண்டாவது ஹார்மோனிக்ல தான் இந்த ரெசிஸ்டர் அதிகம் சம்பாதிச்சுக் கொடுக்கும்.

இலவசமா எதுவும் வராது. ரெண்டு விலை இருக்கு. முதலாவது, இரைச்சல். 1 மில்லிஆம்பியர்ல ஓடுற ட்ரான்சிஸ்டரோட சொந்த இரைச்சல் 13 ஓம் ரெசிஸ்டரோட இரைச்சலுக்குச் சமம், ரெண்டுக்கும் சேர்த்து 26 ஓம். நாம 200 ஓம் சேர்க்கிறோம். ட்ரான்சிஸ்டரோட உள் பேஸ் ரெசிஸ்டன்ஸைக் கணக்குல எடுக்காம பார்த்தா, இரைச்சல் வோல்டேஜ் ஏறக்குறைய மூணு மடங்கு ஆகுது. ஒன்னரை வோல்ட் வாங்குற பவர் ஆம்ப்ளிஃபையருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மைக்கிலிருந்து ஒரு மில்லிவோல்ட் வர்ற ப்ரீஆம்ப்ளிஃபையர்னா இது பெரிய நஷ்டம், லாபமோ கம்மி. ஏன்னா ஒரு மில்லிவோல்ட்டுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க, ரெசிஸ்டர் இல்லாமலேயே மூணாவது ஹார்மோனிக் 0.003 சதவீதம் தான்.

ரெண்டாவது விலை, உச்சவரம்பு. ரெசிஸ்டர் வளைவை நிமிர்த்துமே தவிர டெயில் கரண்ட்டை அதிகப்படுத்தாது. அவுட்புட் எப்பவும் 2 மில்லிஆம்பியர்ல முட்டும். ரெசிஸ்டர் இல்லாதப்போ அந்தச் சுவர்ல மெதுவா சாஞ்சு நிக்கும். ரெசிஸ்டர் போட்டப்புறம் சுமார் 200 மில்லிவோல்ட் வரைக்கும் கிட்டத்தட்ட நேரா போய், அப்புறம் சட்டுனு முட்டும். மூலை கூர்மையாகுது, அதனால அதைத் தாண்டினா அஞ்சாவது, ஏழாவதுன்னு உயர் ஹார்மோனிக்குகள் வேகமா ஏறும். இன்னும் தூரம் நேரா போகணும்னா ரெசிஸ்டரோட சேர்த்து டெயில் கரண்ட்டையும் கூட்டணும். 100 ஓமை மாத்தாம டெயிலை 4 மில்லிஆம்பியர் ஆக்கினா உள் ரெசிஸ்டன்ஸ் 13 ஓம் ஆகும், F கிட்டத்தட்ட 8.7 ஆகும், நேரான பகுதியும் ரெண்டு மடங்கு நீளும். பேட்டரி தான் சீக்கிரம் காலியாகும்.

ஆக, கேள்வி கேட்ட தம்பிக்குச் சுருக்கமா பதில். உங்க பேஸ் ரெண்டுக்கும் நடுவுல வரப்போற அதிகபட்ச வோல்டேஜ் எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. 18 மில்லிவோல்ட்டுக்கு 1 சதவீதம், அங்கிருந்து வர்க்கத்துல ஏறும், இறங்கும். அது உங்களுக்குப் போதும்னா ரெசிஸ்டர் வேண்டாம். போதாதுன்னா எத்தனை மடங்கு குறைக்கணுமோ அதுக்கேத்த F-ஐத் தேர்ந்தெடுங்க, ஒரே அவுட்புட்டை வச்சு ஒப்பிட்டு. அப்புறம் இரைச்சல் தாங்குமான்னு ஒரு தடவை பார்த்துட்டு சால்டர் பண்ணுங்க.

கோடு இந்தப் பக்கத்துலயே இருக்கு. டெயில் கரண்ட்டையும் ரெசிஸ்டரையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க. மேசையில செஞ்சு பார்த்தவங்க 2 கிலோஹெர்ட்ஸ் குச்சி எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அந்த டெயில் ரெசிஸ்டருக்குப் பதிலா கரண்ட் சோர்ஸ் போட்டா என்ன மாறும்னு பேசுவோம்.